கல்விக் கடன் ஸ்டேட்மென்ட்: படிப்புக் காலத்தில் வட்டிக்கு வட்டி ஏறியதா என்று பார்ப்பது எப்படி?

"சார், நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். மகன் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். படிக்க வங்கியில் கல்விக் கடன் வாங்கினோம். 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆகஸ்ட் 1-ம் தேதியும் ஒரு லட்சம் கொடுத்தார்கள். வட்டி 10 சதவீதம், நடுவில் மாறவில்லை. மானியம் எதுவும் இல்லை. படிப்பு 2024 மே மாதம் முடிந்தது. ஒரு வருட மாரட்டோரியம் போக, 2025 ஜூனிலிருந்து தவணை. வாங்கியது 4 லட்சம், ஆனால் தவணை 5,61,000 சொச்சத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ஸ்டேட்மென்டில் மாதாமாதம் வட்டி ஏறியிருக்கிறது, பாக்கியும் ஏறிக்கொண்டே போகிறது. இது சரியா, தப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?"

நீங்கள் கொடுத்த தேதிகளையும் தொகையையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். படிப்புக் காலமும் அதற்குப் பிறகான ஒரு வருடமும் சேர்ந்த, தவணை கட்ட வேண்டாத காலம் முழுவதையும் மாரட்டோரியம் காலம் என்றே சொல்கிறேன். தனிவட்டியில், அதாவது அசலுக்கு மட்டும் வட்டி போட்டால், உங்கள் மாரட்டோரியம் கால வட்டி 1,33,425 ரூபாய்தான் வரும். தவணை 5,33,425 ரூபாய்க்குத்தான் போட்டிருக்க வேண்டும். 5,61,000 என்பது மாதாமாதம் வட்டியை அசலில் சேர்த்து, அதற்கும் வட்டி போட்டால் வருகிற தொகை. ஏறத்தாழ 27,600 ரூபாய் கூடுதல். ஆனால் என் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனால் காரியம் ஆகாது. ஸ்டேட்மென்டின் எந்த வரியில் தவறு நடந்தது என்று நீங்களே விரல் வைத்துக் காட்ட வேண்டும். அது கடினமில்லை. 31 வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன், ஓய்வுக்குப் பிறகு மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து இதைப் பல முறை செய்திருக்கிறேன். பென்சிலும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாக்கி மாதாமாதம் ஏறுகிறது என்பதை வைத்து மட்டும் தவறு என்று சொல்லிவிட முடியாது. பல வங்கிகள் தனிவட்டியாக இருந்தாலும் அதை மாதக் கடைசியில் கணக்கில் பற்று வைத்துவிடுவார்கள். அதனால் பாக்கி ஏறும். ஆனால் உள்ளே கம்ப்யூட்டர் அசலைத் தனியாகவும் சேர்ந்த வட்டியைத் தனியாகவும் வைத்திருக்கும். அடுத்த மாத வட்டியை அசல் மீது மட்டும் போடும். அம்பத்தூரிலிருந்து ஓர் அம்மா, பாக்கி ஏறுவதைப் பார்த்து வங்கி ஏமாற்றுகிறது என்று அழுதுகொண்டே வந்தார். வரி வரியாகப் பார்த்தோம். ஒரு ரூபாய்கூடப் பிசகில்லை. பாக்கி என்ற கடைசி நெடுவரிசையைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவர் செய்த தவறு. பார்க்க வேண்டியது அந்தந்த மாதம் போட்ட வட்டித் தொகையை.

இனி உங்கள் ஸ்டேட்மென்டின் முதல் பக்கத்தை எடுங்கள். முதல் மூன்று வட்டி வரிகள் போதும், பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

2020 ஆகஸ்ட் 1-ல் ஒரு லட்சம் கொடுத்தார்கள். ஆகஸ்டில் 31 நாள். ஒரு லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வருடத்துக்கு 10,000 ரூபாய். அதை 365-ஆல் வகுத்து 31-ஆல் பெருக்கினால் 849.32 ரூபாய். முதல் மாதத்தில் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் அசலோடு சேர இன்னும் வட்டியே இல்லை. செப்டம்பரில் 30 நாள். தனிவட்டி என்றால் 821.92. ஆகஸ்ட் வட்டியையும் அசலாக எண்ணியிருந்தால் 1,00,849.32 ரூபாய்க்கு வட்டி போட்டிருப்பார்கள், அது 828.90 வரும். ஏழு ரூபாய் வித்தியாசம். சின்னத் தொகைதான், ஆனால் கதை இங்கேதான் தொடங்குகிறது. அக்டோபரில் மறுபடி 31 நாள், தனிவட்டியானால் ஆகஸ்டில் வந்த அதே 849.32 அச்சுப் பிசகாமல் வர வேண்டும். அதைவிடக் கூடுதலாக இருந்தால் இரண்டாவது மாதத்திலிருந்தே வட்டிக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து ஒரு சுலபமான சோதனை கிடைக்கிறது. புதிதாகப் பணம் கொடுக்காத, வட்டி விகிதம் மாறாத இடைவெளியில், ஒரே நாள் எண்ணிக்கை உள்ள இரண்டு மாதங்களுக்கு ஒரே வட்டிதான் வர வேண்டும். உங்கள் கணக்கில் மூன்றாவது லட்சம் 2022 ஆகஸ்டில் வந்தது, நாலாவது 2023 ஆகஸ்டில். நடுவில் 31 நாள் மாதங்களான அக்டோபர், டிசம்பர், ஜனவரி, மார்ச் ஆகிய நான்கு வரிகளையும் பென்சிலால் சுற்றிக்கொள்ளுங்கள். 3 லட்சம் அசலுக்குத் தனிவட்டி நான்கிலும் 2,547.95 ஆக இருக்க வேண்டும். கூட்டுவட்டி ஓடியிருந்தால் அக்டோபரில் 2,871, டிசம்பரில் 2,920, ஜனவரியில் 2,944, மார்ச்சில் 2,992 என்று படி ஏறுவதுபோல் ஏறியிருக்கும். ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் இருக்கலாம். வட்டியை மாதக் கடைசி நாளில் போட்டார்களா, அடுத்த நாள் போட்டார்களா என்பதைப் பொறுத்து அந்த வித்தியாசம் வரும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஏறுகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொரு வடிவமும் உண்டு. வருடம் முழுவதும் வட்டி ஒரே மட்டத்தில் நின்றுவிட்டு, ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு குதி குதிக்கும். அப்படி இருந்தால் மார்ச் 31-ல் வருடத்துக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்க்கிறார்கள் என்று பொருள். மாதம் ஒருமுறை சேர்ப்பதைவிட இதில் கூடுதல் தொகை குறைவாக இருக்கும், ஆனால் இதுவும் தனிவட்டி அல்ல.

வட்டி விகிதம் நடுவில் மாறிய கணக்குகளில் இந்த ஒப்பீடு உதவாது. ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு கட்டிய கடன்களில் 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் வட்டி பல முறை ஏறியது. ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போன காலம் அது. அங்கே வட்டித் தொகை ஏறுவது இயல்பு. அப்படிப்பட்டவர்கள் தலைகீழாகக் கணக்குப் போட வேண்டும். அந்த மாத வட்டியை எடுத்து, அது எந்தத் தொகைக்குப் போட்ட வட்டி என்று கண்டுபிடிக்க வேண்டும். வட்டியை 36,500-ஆல் பெருக்கி, விகிதத்தாலும் நாளாலும் வகுத்தால் அடிப்படைத் தொகை வெளியே வந்துவிடும். உங்கள் 2023 மார்ச் வரியில் 2,992 இருந்தால், அதை 36,500-ஆல் பெருக்கி 10-ஆலும் 31-ஆலும் வகுங்கள். சுமார் 3,52,300 வரும். அதுவரை உங்களுக்குக் கொடுத்தது 3 லட்சம்தானே? மீதி 52,300 எங்கிருந்து வந்தது? அது சேர்ந்த வட்டி. வங்கி தன் கையாலேயே எழுதிக் கொடுத்த சாட்சி இது. கிளையில் இருப்பவர் உங்களோடு வாதாடலாம், இந்த வகுத்தலோடு வாதாட முடியாது.

எல்லா மாதங்களுக்கும் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் மகனிடம் சொல்லி ஒரு எக்செல் தாளில் செய்யச் சொல்லுங்கள். முதல் நெடுவரிசையில் மாதம். B-ல் அந்த மாதம் வட்டி போட வேண்டிய அசல், அதாவது அதுவரை உண்மையில் கொடுத்த தொகை. C-ல் வட்டி விகிதம், சதவீதக் குறி இல்லாமல் வெறும் 10 என்று. D-ல் நாள். E-ல் இந்தச் சூத்திரம்:

```
=ROUND(B2*C2*D2/36500,2)
```

F-ல் ஸ்டேட்மென்டில் இருக்கும் தொகையைத் தட்டிவிட்டு, G-ல் இரண்டின் வித்தியாசம். 58 மாதம், 58 வரி. லீப் வருடத்தில் சில வங்கிகள் 366-ஆல் வகுப்பார்கள், அதனால் 2024-ல் சில ரூபாய் விலகினால் பதற வேண்டாம்.

சரி, மொத்தத் தொகைக்கு வருவோம். 58 வரியும் போடாமலே கடைசித் தொகையைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. தனிவட்டியில் ஒவ்வொரு லட்சத்தையும் தனித்தனிக் கடனாக நினைத்துக்கொள்ளலாம். 2025 ஜூன் 1 வரை முதல் லட்சம் 1,765 நாள் நின்றிருக்கிறது. இரண்டாவது 1,400 நாள், மூன்றாவது 1,035 நாள், நாலாவது 670 நாள். கூட்டினால் 4,870 நாள். ஒரு லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 27.397 ரூபாய். இரண்டையும் பெருக்கினால் 1,33,425 ரூபாய். நான் முதலில் சொன்ன தொகை இப்படி வந்ததுதான்.

இந்தத் தொகையை அசலில் சேர்ப்பதற்குத்தான் வங்கியில் கேப்பிடலைசேஷன் என்று பெயர். அது தவறில்லை. தவணை தொடங்கும்போது, ஒரே ஒரு முறை, சேர்ந்த வட்டியை அசலோடு சேர்த்து அந்த மொத்தத்துக்கு இஎம்ஐ போடுவதுதான் முறை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டமே இதைத்தான் சொல்கிறது: படிப்புக் காலத்திலும் தவணை தொடங்கும் வரையிலும் தனிவட்டி, தொடங்கும்போது சேர்ந்த வட்டி அசலோடு சேரும். ஆகவே உங்கள் புகார் "ஏன் வட்டியை அசலில் சேர்த்தீர்கள்" என்று இருக்கக் கூடாது. "ஒருமுறை கடைசியில் சேர்க்க வேண்டியதை ஏன் மாதாமாதம் சேர்த்தீர்கள்" என்று இருக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு போகிறவர்களைக் கிளையில் சுலபமாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேப்பிடலைசேஷன் எந்த நாளில் நடந்தது என்பதையும் வட்டி வரியே சொல்லும். 2025 மே மாதம் வரை 4 லட்சத்துக்கு வட்டி, 31 நாளுக்கு 3,397.26. ஜூனில் 5,33,425-க்கு 30 நாள் வட்டி 4,384. இந்த ஒரு தாவல் நியாயமானது, ஜூனில் மட்டும் வர வேண்டியது. உங்கள் ஸ்டேட்மென்டில் ஜூன் வரி 4,611-ஐ ஒட்டி இருக்கும் என்று நினைக்கிறேன், 5,61,000-க்கு அதுதான் வரும். பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தாவல் ஒரு வருடம் முன்பே, 2024 ஜூனிலேயே வந்திருந்தால் அது வேறு தவறு: படிப்பு முடிந்த பிறகு தரும் ஒரு வருடத்தை விட்டுவிட்டார்கள். கடன் கொடுத்த நாளில் படிப்புக் காலத்தை நான்கு வருடத்துக்குப் பதில் மூன்று என்று கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டாலும் இப்படித்தான் ஆகும். அப்போது வட்டியோடு தொல்லை நிற்காது. கட்ட வேண்டிய தேதி வராமலே தவணை பாக்கி என்று காட்டி, மகனுடைய சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். சாங்ஷன் லெட்டரில் தவணை தொடங்கும் தேதி என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எப்போதாவது பார்க்கிற இன்னொரு கோளாறு, இரண்டு முறை சேர்ப்பது. மாதாமாதம் வட்டியைக் கணக்கில் பற்று வைத்துவிட்டு, கடைசியில் மொத்த வட்டியையும் இன்னொரு வரியாக மறுபடி ஏற்றிவிடுவார்கள். சில வங்கிகளில் மாரட்டோரியம் காலத்தில் ஸ்டேட்மென்டில் வட்டி வரியே இருக்காது, கடைசியில் ஒரே பெரிய வரியாக வரும். அதுவும் சரியான முறைதான். ஆனால் மாத வரிகளும் இருந்து, கடைசியில் பெரிய வரியும் இருந்தால், அந்தப் பெரிய வரிக்கு ஈடாக ஒரு வரவு வரி பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இரட்டிப்பு. உங்கள் 5,61,000-ஐப் பார்த்தால் அப்படி நடக்கவில்லை என்று தெரிகிறது. நடந்திருந்தால் தொகை இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் ஏறியிருக்கும்.

உங்களுக்கு மானியம் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் அதைச் சுருக்கமாக முடிக்கிறேன். பெற்றோர் வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து மத்திய அரசின் வட்டி மானியம் பெற்றவர்கள், மாரட்டோரியம் கால வட்டிக்கு ஈடான வரவுகள் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மானியப் பணம் தாமதமாக, மொத்தமாக வருவது வழக்கம். அது வருவதற்கு முன்பே வட்டியை அசலில் சேர்த்து இஎம்ஐ போட்டுவிட்டால், பணம் வந்த பிறகு இஎம்ஐயைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பழைய தவணையே ஓடிக்கொண்டிருக்கும்.

நடுவில் நீங்கள் ஏதாவது கட்டியிருந்தீர்களா? கேள்வியில் சொல்லவில்லை. கட்டியிருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். பொதுவாக அந்தப் பணம் முதலில் சேர்ந்த வட்டிக்குப் போகும். தனிவட்டியில் அப்படிக் கட்டியதால் அடுத்த மாத வட்டி குறையாது, ஏனென்றால் அசல் அப்படியே இருக்கிறது. ஆனால் கடைசியில் அசலில் சேரும் தொகை அதே அளவு குறைய வேண்டும். தீபாவளிக்கு 5,000, பொங்கலுக்கு 3,000 என்று கட்டிய ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, 1,33,425-லிருந்து அவற்றைக் கழித்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலம் முழுவதும் வட்டியை விடாமல் கட்டிவந்தவர்களுக்குப் பல வங்கிகள் 1 சதவீதம் வட்டிக் குறைப்பு தருகின்றன. அப்படிக் கட்டியவர்கள் அந்தக் குறைப்பு வட்டி வரியில் தெரிகிறதா என்று தலைகீழ்க் கணக்கில் பார்க்கலாம்.

கிளைக்குப் போகும் முன் சாங்ஷன் லெட்டரையும் கடன் ஒப்பந்தத்தையும் நிதானமாகப் படியுங்கள். உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மாரட்டோரியம் காலத்துக்கு சிம்பிள் இன்ட்ரஸ்ட் என்று ஒரு வாக்கியம் இருக்கும், அதன் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதே ஒப்பந்தத்தில் வேறோரிடத்தில் மந்த்லி ரெஸ்ட்ஸ் என்ற சொல் வரலாம். மாதாமாதம் வட்டியை அசலில் சேர்ப்போம் என்பதற்கு வங்கிகள் வைத்திருக்கும் சொல் அது. எல்லாக் கடனுக்கும் பொதுவாக அச்சடித்த ஒப்பந்தத்தில் அது இருப்பது சகஜம். கிளையில் அதைக் காட்டி "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று சொன்னால் தயங்க வேண்டாம். அந்த முறை தவணை தொடங்கிய பிறகு பொருந்துவது, மாரட்டோரியம் காலத்துக்கு உங்கள் சாங்ஷன் லெட்டரில் தனி நிபந்தனை இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்படிப்பட்ட நிபந்தனை இல்லாவிட்டாலும், உங்கள் கடன் வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் கொடுத்ததா என்று எழுத்தில் கேளுங்கள்.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். வங்கி அல்லாத நிதி நிறுவனங்களில் கல்விக் கடன் வாங்கியவர்கள், வெளிநாட்டுப் படிப்புக்கு அப்படி வாங்கியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அந்த மாதிரித் திட்டம் வங்கிகளுக்கானது. நிதி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மாதாமாதம் கூட்டுவட்டி என்று தெளிவாக எழுதியிருந்தால், நான் மேலே சொன்ன சோதனை கூட்டுவட்டி ஓடுவதைக் காட்டும், ஆனால் அது தவறு என்று நிரூபிக்காது. அவர்களுக்கு ஒப்பந்தம் சொல்வதுதான் அளவுகோல். நீங்கள் வங்கி என்று சொன்னதால்தான் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன்.

இப்படி ஒரு தவறு எப்படி நேர்கிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கடன் கணக்கு திறக்கும்போது கம்ப்யூட்டரில் ஒரு வகை எண் கொடுப்பார்கள். கல்விக் கடனுக்கான வகைக்குப் பதில் வேறு வகையில் திறந்துவிட்டால், முதல் மாதத்திலிருந்தே இயந்திரம் தனக்குச் சொன்னபடி வட்டிக்கு வட்டி போட்டுக்கொண்டே போகும். நான்கு வருடம் தவணை இல்லாத கணக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் இப்படி ஒரே நாளில் திறந்த மூன்று கணக்குகளில் தவறு இருந்தது. முதல் மாணவரின் அப்பா கேட்ட பிறகுதான் மற்ற இரண்டும் தெரியவந்தன. அந்த இரண்டு குடும்பத்துக்கும் நாங்களே கடிதம் எழுதினோம். அதனால் சொல்கிறேன், மகனோடு அதே கிளையில் கடன் வாங்கிய நண்பர்கள் இருந்தால் அவர்களையும் அந்த நான்கு 31 நாள் வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

27,600 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். பத்து வருடத் தவணை என்றால், 5,33,425-க்கு இஎம்ஐ சுமார் 7,049 ரூபாய். 5,61,000-க்கு சுமார் 7,414. மாதம் 365 ரூபாய் கூடுதல், பத்து வருடத்தில் 43,000 ரூபாய்க்கு மேல் போகிறது. முதல் வேலைக்குப் போயிருக்கும் பையனின் ஒன்றிரண்டு மாதச் சம்பளம் அது.

கடிதம் எழுதும்போது கோபத்தை வெளியே வைத்துவிட்டு எண்களை மட்டும் எழுதுங்கள். கிளை மேலாளருக்கு, கடன் கணக்கு எண்ணோடு. பணம் கொடுத்த நான்கு தேதிகள், தொகை. சாங்ஷன் லெட்டரில் உள்ள தனிவட்டி வாக்கியம். 2020 செப்டம்பரில் 821.92-க்குப் பதில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள், 2023 மார்ச்சில் 2,547.95-க்குப் பதில் எவ்வளவு, இந்த இரண்டு வரி போதும். 2025 ஜூன் 1-ல் இருந்திருக்க வேண்டிய தொகை 5,33,425 என்று உங்கள் கணக்கை இணைத்து, மாதவாரியான வட்டிக் கணக்குத் தாளை எழுத்தில் கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "பார்க்கிறோம் சார்" என்று வாயால் சொல்வதை நம்பி வந்துவிடாதீர்கள், முத்திரை வேண்டும். அந்த நாளிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் பதியலாம். ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை. வங்கியிடம் முதலில் எழுத்தில் கேட்காமல் அங்கே போனால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால்தான் முத்திரைக்கு இவ்வளவு சொல்கிறேன். இதற்கிடையில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். பிரச்சினை தீரும் வரை வங்கி போட்ட தவணையையே கட்டுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் தவறு மறைந்து உங்கள் பாக்கி பெரிதாகத் தெரியும்.

வங்கி ஒப்புக்கொண்டால் கவனிக்க வேண்டிய கடைசி இடம் ஒன்று உண்டு. கூடுதலாக ஏற்றிய 27,600-ஐ இன்றைய தேதியில் வரவு வைத்துவிட்டு முடிந்தது என்பார்கள். அது பாதித் திருத்தம்தான். 2025 ஜூனிலிருந்து அந்த 27,600-க்கும் வட்டி ஓடியிருக்கிறது, மாதத்துக்கு ஏறத்தாழ 230 ரூபாய். அதனால் வரவை 2025 ஜூன் 1-ம் தேதியிட்டு வைக்கச் சொல்லி, அதன்படி இஎம்ஐயையும் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பிறகு புது ஸ்டேட்மென்டும் மாதவாரியான வட்டிக் கணக்குத் தாளும் வாங்கி, அந்தத் தாளில் 2025 ஜூன் மாத வட்டி 4,384 என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேட்மென்டில் பழைய வரியை அழிக்காமல் தனி வரவு வரியாகவே திருத்துவார்கள் என்பதால், ஜூன் வட்டியான 4,611-க்கும் 4,384-க்கும் உள்ள 227 ரூபாயும், அதற்குப் பின் வந்த மாதங்களின் கூடுதலும் அந்த வரவில் சேர்ந்திருக்க வேண்டும்.